காணாமல் போன பூனைக்கு இரண்டு அறிவிப்புகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பூனையின் பெயர் மிட்டு. நான்கு வயது, ஆண், கருத்தடை செய்யப்பட்டது. பிறந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் குழாய் பழுது பார்க்க ஒருவர் வந்தார். அவர் உள்ளேயும் வெளியேயும் போய்வந்ததில் பின்கதவு கொஞ்ச நேரம் திறந்தே கிடந்தது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்துக் கூப்பிட்டபோதுதான் பூனை வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. மறுநாள் காலை எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் இந்த அறிவிப்பு வந்தது:

> அன்பு நண்பர்களே, எங்கள் வீட்டு இளவரசன் மிட்டுவை நேற்று முதல் காணவில்லை. ரொம்பப் பாசக்காரன், எங்களுக்குக் குழந்தை மாதிரி. அவன் இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது. அம்மா சாப்பிடவே இல்லை. டேபி வகை, கழுத்தில் நீலப் பட்டை. தானாக வெளியே போகிறவன் இல்லை, யாரோதான் எடுத்துப் போயிருக்க வேண்டும். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். முடிந்தவரை எல்லாக் குழுக்களிலும் பகிருங்கள்.

இதற்குக் கீழே தனித்தனியாக மூன்று படங்கள். ஒன்றில் பூனை மெத்தையில் சுருண்டு தூங்குகிறது. இன்னொன்றில் முகம் மட்டும், அதுவும் நிறம் கூட்டிய படம். மூன்றாவதில் ஒரு குழந்தையின் மடியில் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் குழுவின் நிர்வாகிகளில் நானும் ஒருத்தி. காணாமல் போன நாய், பூனை அறிவிப்புகளைத் திருத்திக் கொடுப்பது கொஞ்ச காலமாக என் தலையில் விழுந்த வேலை. இந்த அறிவிப்பு நன்றாகவே பகிரப்பட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் எனக்கே வேறு இரண்டு குழுக்களிலிருந்து அது திரும்பி வந்தது. கைகூப்பும் பொம்மைகள், "சீக்கிரம் கிடைக்கட்டும்" என்ற வாழ்த்துகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஞாயிறு மாலை வரை உருப்படியான தகவல் ஒன்றுகூட வரவில்லை. பூனையின் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது, "இன்னும் எந்தெந்தக் குழுவில் போடலாம்?" என்றுதான். கேள்வியே அங்குதான் தடம் மாறுகிறது.

பூனை எங்கே இருக்கும்

அறிவிப்பு யார் கண்ணில் பட வேண்டும் என்பதை முடிவு செய்ய, முதலில் பூனை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தெரிய வேண்டும். காணாமல் போன பூனைகள் எங்கே, எப்படிக் கிடைத்தன என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்களிடம் கேட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, வெளியேறிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. கிடைத்த பூனைகளில் பாதி, ஏறத்தாழ 50 மீட்டருக்குள். காணாமல் போனவற்றில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏழு நாட்களுக்குள் கிடைத்துவிட்டன. வீட்டிலேயே வளர்ந்த பூனை வெளியே போனதும் ஊர் சுற்றுவதில்லை. கண்ணில் பட்ட முதல் இருண்ட சந்துக்குள் நுழைந்து அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். பயந்த பூனை, வளர்த்தவரே கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் இருப்பது சாதாரணம். தெரியாத இடத்தில் சத்தம் போட்டால் ஆபத்து என்பது அதன் உடம்பில் ஊறிய புத்தி.

ஆகவே மிட்டுவைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் சுற்றியிருக்கும் முப்பது நாற்பது வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் ஏற்கனவே குழுவில் இருக்கிறார்கள், அறிவிப்பையும் பார்த்துவிட்டார்கள். ஆனால் அந்த அறிவிப்பு அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பகிருங்கள். அவர்களும் பகிர்ந்தார்கள். கேட்டதைச் செய்து முடித்துவிட்டோம் என்ற நிறைவோடு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்க்கும்படி யாரும் யாரையும் கேட்கவில்லை.

முதல் அறிவிப்பு எங்கெங்கே ஒழுகியது

"நேற்று முதல்" என்பதில் ஆரம்பிக்கலாம். அனுப்பிய நாளில் அதற்கு ஒரு பொருள் உண்டு. கைமாறிக் கைமாறி மூன்று நாள் கழித்து ஒருவர் படிக்கும்போது, அவருக்கும் அது நேற்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் அழைத்து, சனிக்கிழமை மதியம் தன் தெருவில் ஒரு பூனையைப் புதிதாகப் பார்த்ததாகச் சொன்னார். பேசப் பேசத்தான் தெரிந்தது, அவர் இருந்த இடம் ஊரின் மறுகோடி. இடமும் இல்லாத, தேதியும் இல்லாத அறிவிப்பு அவரை எப்படி வடிகட்டும்?

அடுத்தது படம். படங்களும் எழுத்தும் தனித்தனிச் செய்திகளாக அனுப்பப்பட்டிருந்தன. பகிர்கிறவர் அவசரத்தில் எதையாவது ஒன்றைத்தான் தொடுவார். சில குழுக்களுக்கு எழுத்து மட்டும் போயிருந்தது. சில குழுக்களுக்குக் குழந்தை மடியில் உட்கார்ந்த படம் மட்டும் எந்த விளக்கமும் இல்லாமல் போய், "அழகா இருக்கே!" என்ற பதிலைப் பெற்றிருந்தது. படத்தோடு சேர்த்து விளக்கம் எழுதினாலும்கூட, பகிரும்போது அந்த விளக்கம் கழன்றுவிட வாய்ப்பு உண்டு. முக்கியமான நான்கு வரிகளைப் படத்தின் மேலேயே எழுதிவிடுவதுதான் உறுதியான வழி.

"டேபி வகை" என்றால் பூனை வளர்ப்பவர்களுக்குத்தான் புரியும். அது ஒரு இனத்தின் பெயர்கூட இல்லை, உடம்பில் வரி இருக்கும் கோலத்தின் பெயர். காவலாளிக்கோ, காலையில் நடக்கப் போகிறவருக்கோ அது வெறும் சத்தம். நாய்களுக்கும் இதே கதைதான். இனத்தின் பெயரைவிட "முழங்கால் உயரம், வெள்ளை, கண்ணை மறைக்கும் முடி" என்றால் எவருக்கும் பிடிபடும். கழுத்துப் பட்டையை மட்டும் அடையாளமாகச் சொன்னதும் சிக்கல். பூனைக்கான நல்ல பட்டைகள் எதிலாவது மாட்டினால் தானாக அவிழும்படி செய்யப்பட்டவை. பட்டை கழன்று விழுந்திருந்தால், அந்தப் பூனையை நேரில் பார்ப்பவர் "பட்டை இல்லையே, இது வேறு பூனை" என்று கடந்துபோவார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது ஒரு வாக்கியம். "யாரோதான் எடுத்துப் போயிருக்க வேண்டும்." எழுதியவரின் வேதனை புரிகிறது. ஆனால் அக்கம்பக்கத்தார் படிக்கும் இடத்தில் இதை எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பூனையைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒருவர் இருந்தால், அவர் பெரும்பாலும் அதைத் தெரியாமல் எங்கோ பூட்டியவராகவோ, பாவம் என்று உள்ளே விட்டவராகவோ, தன் வீட்டு நாய் துரத்தியதைப் பார்த்தவராகவோ இருப்பார். திருட்டுப் பேச்சு வந்தபிறகு அவர்கள் வாயைத் திறப்பார்களா? "நமக்கு எதற்கு வம்பு" என்று ஒதுங்கிவிடுவார்கள். தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரையே பயமுறுத்தி அனுப்பும் வாக்கியம் அது. குழாய்க்காரரின் கவனக்குறைவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வீட்டில் ஒருவர் சொன்னாராம். நல்லவேளை எழுதவில்லை. கடைசியாகக் கதவருகே இருந்தவர் அவர். பூனை எந்தப் பக்கம் ஓடியது என்று அவரிடம்தான் கேட்டாக வேண்டும்.

மாற்றி எழுதியது

ஞாயிறு மாலை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து புதிதாக எழுதினோம். முதலில் குழாய்க்காரருக்குத் தொலைபேசி. பூனையைப் பார்த்த நினைவு அவருக்கு இல்லை. ஆனால் பின்கதவு ஏழு மணிக்கு முன்னதாகத் திறக்கப்படவில்லை என்றும், வேலை முடிந்து தான் கிளம்பியது எட்டரைக்கு என்றும் சொன்னார். ஆக, பூனை வெளியேறிய நேரம் ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவில். இந்த ஒன்றரை மணி நேரம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் சாவியாக இருந்தது.

படத்துக்காக வீட்டுக்காரரின் கைப்பேசியில் இருந்த எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். அழகான படங்கள் ஏராளம். நான் தேடியது அழகில்லாத ஒன்றை: பூனை நான்கு காலில் நின்று, பக்கவாட்டில், வால் நுனி வரை தெரிகிற, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். சன்னல் ஓரம் நின்றபடி ஒன்று கிடைத்தது. முகமும் மார்பும் தெரிவதற்கு இன்னொன்று. இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கி, அதன் மேலே பெரிய எழுத்தில் "காணவில்லை", தேதி, தெரு, தொலைபேசி எண் ஆகிய நான்கை மட்டும் வைத்தோம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பதால் சின்ன எழுத்தெல்லாம் மங்கிப்போகும். கைப்பேசியைக் கை நீட்டிப் பிடித்து, படத்தைப் பெரிதாக்காமலே எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் அதற்கான சோதனை.

படத்தோடு போன விளக்கம் இது:

> காணவில்லை: சாம்பல் நிற வரிப் பூனை, ஆண், நடுத்தர அளவு.
> மார்ச் 14 வெள்ளி, இரவு 7 – 8.30க்குள், 3வது குறுக்குத் தெரு, பூங்கா வாசலுக்கு எதிர் வீட்டின் பின்பக்கம்.
> மார்பில் வெள்ளைத் திட்டு, முன்கால் இரண்டும் வெள்ளை. நீலக் கழுத்துப் பட்டை இருந்தது, கழன்றிருக்கலாம்.
>
> வீட்டுப் பூனை. பயந்து மிக அருகிலேயே ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். கூப்பிட்டாலும் சத்தம் போடாது.
>
> 2, 3, 4வது குறுக்குத் தெருவில் இருப்பவர்கள் இன்று இரவு இரண்டே காரியம் செய்து உதவுங்கள்:
> 1. மாடிப்படிக்கு அடி, மோட்டார் அறை, பொருள் போட்டு வைக்கும் அறை, நிறுத்தி வைத்த வண்டிக்கு அடி – டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி இரவு திறந்து மூடிய அறை எதுவானாலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.
> 2. கேமரா இருந்தால் வெள்ளி இரவு 7 முதல் 9 வரையான பதிவைப் பாருங்கள்.
>
> தெரியாமல் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கலாம். யார் மேலும் தவறில்லை, எங்களுக்கு யார் மேலும் வருத்தமும் இல்லை.
> கண்டால் துரத்த வேண்டாம், பிடிக்க வேண்டாம். ஒரு படம் எடுத்து, இருக்கும் இடத்தை அனுப்பி, உடனே அழையுங்கள்: (எண்). எந்த நேரமானாலும் சரி.
> குழுவில் இல்லாத உங்கள் காவலாளி, துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலைக்கு வருபவரிடம் படத்தைக் காட்டுங்கள்.

"பகிருங்கள்" என்ற சொல்லே இதில் இல்லை. வீட்டுக்காரருக்கு அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று தெருக்களின் பெயரைச் சொல்லி அழைத்தவுடன், அந்தத் தெருக்காரர்கள் இது தங்களுக்கு வந்த செய்தி என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் பொதுவாகக் கேட்கும் உதவியை வேறு யாராவது செய்வார்கள் என்று எல்லாருமே நினைப்பார்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழுந்துவிடும். 2020 ஏப்ரலில் இருந்து, அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அந்தக் குறியைப் பார்த்தவுடனே படிக்காமல் தள்ளிவிடுகிற பழக்கமும் பலருக்கு வந்துவிட்டது. ஆகவே பக்கத்துக் கட்டிடங்களின் குழுக்களுக்கு நாங்கள் யாரிடமும் பகிரச் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் இருக்கும் ஒருவரைக் கேட்டு, கைப்பேசியில் சேமித்த படத்தையும் எழுத்தையும் புதிதாகப் பதியச் சொன்னோம். அவரவர் கட்டிடத்தில் அவரவர் பெயரில் வந்த செய்திக்கு இருக்கும் மதிப்பே வேறு.

கேமராவைப் பார்க்கச் சொல்லும்போது நேரத்தைக் கொடுத்ததும் வேண்டுமென்றே செய்ததுதான். "உங்கள் கேமராவைப் பாருங்கள்" என்றால் யாரும் மூன்று நாள் பதிவை உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் என்றால், வேகமாக ஓட்டிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பெரும்பாலான பதிவுக் கருவிகள் இடம் நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும். சிலவற்றில் சில நாள் பதிவுதான் தங்கும். ஆகவே இதை முதல் நாளே கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

ஓர் அடையாளத்தை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டோம். மிட்டுவின் பாதத்தடி மெத்தைகள் எல்லாம் இளஞ்சிவப்பு. வலது பின்காலில் ஒன்றே ஒன்று மட்டும் கறுப்பு. நாங்கள் கொடுத்த எந்தப் படத்திலும் அது தெரியாது, பூனையைக் கையில் வைத்திருப்பவரால் மட்டுமே பார்த்துச் சொல்ல முடியும். அடுத்த நாளே இதற்கு வேலை வந்தது. தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் அழைத்து, பூனை தன்னிடம் பத்திரமாக இருப்பதாகவும், கொண்டுவர வண்டிச் செலவை முதலில் அனுப்பினால் புறப்படுவதாகவும் சொன்னார். "பின்காலைத் திருப்பி அடிப்பக்கம் என்ன நிறம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் இப்போதே வீடியோ அழைப்பில் காட்டுங்கள்" என்றதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. சிலர் பணம் கேட்பதில்லை. "நீங்கள்தான் உரிமையாளரா என்று சரிபார்க்க ஓர் எண் அனுப்புகிறேன், அதைச் சொல்லுங்கள்" என்பார்கள். சொன்னால் போய்விடுவது உங்கள் கணக்கு. இதே காரணத்துக்காகத்தான் வெகுமதித் தொகையையும் அறிவிப்பில் போடுவதை நான் தடுப்பேன். "வெகுமதி உண்டு" என்பதுகூடச் சில நேரம் ஆட்களைப் பூனையைத் துரத்திப் பிடிக்க வைத்துவிடுகிறது. துரத்தப்பட்ட பூனை அந்த 50 மீட்டர் வட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டால், அதுவரை செய்த எல்லாக் கணக்கும் வீண்.

தகவல் வரத் தொடங்கியது

ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பதிந்தோம். சாப்பிட்டு முடித்துக் கைப்பேசியோடு உட்காரும் நேரம். குழுவின் மேலே அதைப் பொருத்தி வைத்தேன். இன்னொரு வேலையும் செய்தேன்: வாழ்த்துகளைக் குழுவில் போட வேண்டாம், தகவல் இருந்தால் அந்த எண்ணுக்கு மட்டும் அழையுங்கள் என்று நிர்வாகியாக ஒரு வரி. இது கொஞ்சம் கறாராகப் படலாம். ஆனால் அறிவிப்புக்குக் கீழே அனுதாபம் குவியக் குவிய, நடுவில் யாரோ எழுதும் "நேற்று எங்கள் சுவரில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது" என்ற வரி காணாமல் போய்விடும்.

வரும் அழைப்புகளை எல்லாம் வீட்டுக்காரர் ஒரு தாளில் குறித்தார். பார்த்த நாள், மணி, இடம், முன்கால் என்ன நிறம், போன திசை. முன்கால் நிறத்தை நாமாகச் சொல்லிவிடாமல் அவர்களையே சொல்ல விட வேண்டும். "வெள்ளையா?" என்று கேட்டால், உதவ வேண்டும் என்ற ஆசையில் பலரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சாம்பல் வரிப் பூனைகள் எங்கள் பகுதியில் குறைவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் வந்த அழைப்புகள் அனைத்தும் வேறு பூனைகளைப் பற்றியவை. ஒருவர் படமே அனுப்பினார், முன்கால்கள் சாம்பல் நிறம். அதை வைத்து ஒதுக்கிவிட முடிந்தது.

பத்தரை மணிக்குப் பின்தெருக்காரர் ஒருவர் ஒரு சின்னக் காணொளியை அனுப்பினார். வெள்ளி இரவு 8.10. கறுப்பு வெள்ளைக் காட்சி. ஒரு பூனை சுற்றுச்சுவர் மேல் குறுகி நடந்து, அடுத்த கட்டிடத்தின் வளாகத்துக்குள் இறங்குகிறது. இரவுக் காட்சியில் நிறம் தெரியாது. ஆனால் முன்கால்கள் இரண்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தன.

இந்த இடத்தில்தான் பலர் பழைய அறிவிப்பையே மறுபடி போடுவார்கள். ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால் பார்வை அதன் மேல் நிற்காது. மறுநாள் காலை, புதிதாகத் தெரிந்ததை மட்டும் வைத்து, அந்தக் கட்டிடத்தின் குழுவுக்கென்று ஒரு சின்னச் செய்தி எழுதினோம்:

> வெள்ளி இரவு 8.10க்கு எங்கள் பூனை உங்கள் கட்டிடத்தின் பின்சுவர் வழியாக உள்ளே இறங்கியது கேமராவில் தெரிகிறது. வெளியே போன காட்சி இல்லை. அந்த நேரத்துக்குப் பிறகு கீழ்த்தளத்தில் ஏதாவது அறையையோ வண்டியின் பின்பெட்டியையோ திறந்து மூடியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் அனுமதியோடு இன்று இரவு கீழ்த்தளத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறோம், இருவர் மட்டும்.

திங்கள் இரவு டார்ச்சோடு போனோம். டார்ச்சை நம் கண்ணுக்கு அருகே பிடித்து அடித்தால் பூனையின் கண் திருப்பி மின்னும், அதைத்தான் தேட வேண்டும். எதுவும் மின்னவில்லை. ஆனால் கீழ்த்தளக் காவலாளியிடம் படத்தைக் காட்டியபோது அவர் ஒன்று சொன்னார். மாடிப்படிக்குக் கீழே பொருள் போடும் அறை ஒன்று உண்டு. வெள்ளி இரவு ஒருவர் கட்டிலும் மெத்தையும் கொண்டுவந்து அதில் வைத்தார். சாவி அவரிடமே இருக்கிறது, சனிக்கிழமை வெளியூர் போய்விட்டார். காவலாளி எங்கள் குழுவிலும் இல்லை, அவர் கட்டிடத்தின் குழுவிலும் இல்லை. முதல் அறிவிப்பு அவரை எட்டியே இருக்காது.

கதவில் காதை வைத்துக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லை என்பதால் பூனை இல்லை என்று ஆகிவிடாது என்பதை அறிவிப்பிலேயே எழுதியிருந்தோம், அதை இப்போது நாங்களே நம்ப வேண்டியிருந்தது. அந்த அறைக்காரரின் எண்ணை வாங்க முயன்றுகொண்டிருந்தபோதே அவரே அழைத்துவிட்டார். காலையில் போட்ட செய்தியையும் அதற்கு முந்தைய இரண்டாவது அறிவிப்பையும் வெளியூரில் இருந்தபடி அப்போதுதான் பார்த்தாராம். "நான்தான் அன்றைக்குப் பூட்டினேன், உள்ளே ஏதாவது போயிருந்தால் எனக்குத் தெரியாது, இருட்டாக இருந்தது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மாற்றுச் சாவி அவருடைய உறவினர் ஒருவரிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அறை திறக்கப்பட்டது. நிமிர்த்தி வைத்த மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் மிட்டு இருந்தது. பட்டை இல்லை. வலது பின்காலில் பாதத்தடி மெத்தை ஒன்று கறுப்பு. அளந்து பார்த்தால், வீட்டின் பின்கதவிலிருந்து நாற்பது மீட்டர் இருக்கும்.

அந்த அறைக்காரர் பிறகு வீட்டுக்காரரிடம் பேசியபோது, முதல் அறிவிப்பைச் சனிக்கிழமையே பார்த்ததாகச் சொன்னார். அறையைப் பற்றிய எண்ணம் அப்போது வரவே இல்லையாம். "வெள்ளி இரவு திறந்து மூடிய அறை" என்று படித்தபோதுதான் பொறி தட்டியது. "தவறில்லை என்று எழுதியிருந்ததால்தான் அழைக்கத் துணிந்தேன்" என்றும் சொன்னார். எல்லா நேரமும் இப்படி ஒரு வாக்கியம் கதவைத் திறந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கேமராவில் அந்தச் சுவர் விழாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

பூனை நான்கு இரவு தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் இருந்ததால், அன்றே கால்நடை மருத்துவரிடம் போகச் சொன்னேன். பூனைகள் சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நோயாகிவிடலாம். அதுவும் பருத்த பூனைகளுக்கு ஆபத்து அதிகம். கிடைத்துவிட்டதே என்று நிறையத் தீனி வைத்து விட்டுவிடக் கூடாது.

நாயாக இருந்திருந்தால்

இதே அறிவிப்பை நாய்க்கு அப்படியே எடுத்துப் போட்டால் பாதிதான் பொருந்தும். நாய் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே மூன்று தெருக்கள் போதாது. பழகும் நாயா, பயப்படும் நாயா என்பதைப் பொறுத்து எழுத்து மாறும். யாரிடமும் வாலாட்டிக்கொண்டு போகும் நாயை யாராவது இரக்கப்பட்டு வீட்டுக்குள் கட்டி வைத்திருப்பார்கள். அங்கே நாம் பேச வேண்டியது, நாயைத் தெருவில் தேடுபவரிடம் அல்ல, "உங்கள் பக்கத்து வீட்டில் புதிதாக நாய் குரைக்கிறதா?" என்று கேட்கத் தக்கவர்களிடம். கால்நடை மருத்துவமனைகளுக்கும் அதே நாள் படம் போக வேண்டும். தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைத்த விலங்கு என்றால், மருத்துவமனையில் கருவி வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் 15 இலக்கத்தில், ஓர் எண் தெரியும். அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் தொலைபேசி எண் பழையதா என்று அன்றே சரிபார்க்க வேண்டும். அந்தச் சில்லு விலங்கு எங்கே இருக்கிறது என்று காட்டாது, அப்படிக் காட்டும் என்று நினைத்துக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயந்த நாய் என்றால், "கூப்பிடாதீர்கள், பின்னால் போகாதீர்கள், அப்படியே உட்கார்ந்து எங்களுக்குப் போன் செய்யுங்கள்" என்பதுதான் அறிவிப்பின் முதல் வரியாகவே இருக்க வேண்டும். நல்ல மனதோடு நாலு பேர் சேர்ந்து கூப்பிட்டுத் துரத்தினால், நாய் பெரிய சாலைக்குள் ஓடிவிடும்.

முடித்து வைக்கும் செய்தி

செவ்வாய் மதியம் வீட்டுக்காரர் "கிடைத்துவிட்டான், அனைவருக்கும் நன்றி" என்று எழுதப் போனார். அதையும் கொஞ்சம் மாற்றச் சொன்னேன். நன்றி மட்டும் உள்ள செய்தியைப் பார்ப்பவருக்கு எந்தப் பூனை, எந்த அறிவிப்பு என்று தெரியாது. "காணவில்லை" என்று போட்ட அதே படத்தின் மேல் குறுக்காகப் பெரிய எழுத்தில் "கிடைத்துவிட்டது, மார்ச் 18" என்று எழுதி, போட்ட எல்லாக் குழுக்களிலும் போட வேண்டும். எங்கெங்கே போட்டோம் என்ற பட்டியல் அந்த அழைப்புத் தாளின் பின்பக்கத்திலேயே இருந்தது. பழைய செய்தியை எல்லாருக்குமாக அழிக்கும் வசதி அனுப்பி இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும். அதற்குள் அழித்தாலும் பிறர் பகிர்ந்த நகல்கள் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது அறிவிப்பில் தேதியும் தெருவும் இருந்ததால், அதைத் தாமதமாகப் பார்த்தவர்கள் "கிடைத்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பகிர்ந்தார்கள். முதல் அறிவிப்பு மட்டும் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. மிட்டுவை நேற்று முதல் காணவில்லை என்று போன வாரம்கூட ஒருவர் எனக்கு அனுப்பினார்.